மேற்படி, இதன்கண், ஹியர்இன்: அலுவலக மெயிலில் பத்திர நடை எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதும் மெயில்களைப் பார்த்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன். ஆங்கிலமோ தமிழோ, பாதி மெயில்கள் பத்திர எழுத்தர் எழுதியது போலவே வந்து சேரும். நான் திருத்திக் கொடுத்ததைப் பார்த்துவிட்டுக் கேட்கப்படும் கேள்விகளும் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஹியர்இன், அஃபோர்மென்ஷன்ட், இதுக்கெல்லாம் சரியா என்னங்க அர்த்தம்? வருஷக்கணக்கா எழுதுறேன், யாராவது கேட்டா சொல்லத் தெரியலை.

ஹியர்இன் என்றால் 'இதனுள்'. அஃபோர்மென்ஷன்ட் என்றால் 'முன்னால் சொன்ன'. ஹியர்வித் 'இத்துடன்', ஹியர்பை 'இதன் மூலம்', தேர்ஆஃப் 'அதனுடைய'. தமிழ் மெயில்களில் இதே வேலையைச் செய்பவை மேற்படி, மேற்கூறிய, மேற்குறிப்பிட்ட, இதன்கண், இதன்பொருட்டு போன்ற சொற்கள்.

இவை எல்லாமே சுட்டுவிரல் மாதிரி. வேறு எதையோ காட்டுவதுதான் வேலை. 'இதனுள்' என்றால் எதனுள்? இந்த வாக்கியத்திலா, இந்தப் பத்தியிலா, மொத்த மெயிலிலா, இணைத்த கோப்பிலா? படிப்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞர்களுக்கே இது தொல்லைதான். அதனால் பல ஆங்கில ஒப்பந்தங்களின் விளக்கப் பகுதியில், 'ஹியர்இன் என்று வந்தால் ஒப்பந்தம் முழுவதையும் குறிக்கும், ஏதோ ஒரு பிரிவை மட்டும் குறிக்காது' என்று தனியாக ஒரு வரி போட்டு வைக்கிறார்கள். நாம் மெயிலுக்கு அந்தச் சொல்லைக் கடன் வாங்கியபோது அந்த வரியை விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

எல்லாருக்கும் புரியத்தானே செய்யுது? அப்புறம் என்ன பிரச்சினை?

மெயிலில் 'மேலே' என்பது எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். காகிதக் கடிதத்தில் முன்பு சொன்னது மேலே இருக்கும். மெயிலில் புதிய பதில் மேலே வந்து உட்காரும். பழையதெல்லாம் கீழே இறங்கிக்கொண்டே போகும். நீங்கள் 'மேற்படி கொட்டேஷன்' என்று எழுதுவது, படிப்பவரின் திரையில் நான்கு மெயில்களுக்குக் கீழே கிடக்கும். பல மெயில் செயலிகள் அந்தப் பழைய பகுதியை மூன்று புள்ளிகளுக்குள் மடித்து மறைத்தும் வைத்துவிடும். போனில் படிப்பவர் அதைத் திறந்து பார்ப்பார் என்று நம்புவது கொஞ்சம் அதிகம்தான்.

இதோடு ஃபார்வர்டு வேறு. உங்களுக்கும் எதிரில் இருப்பவருக்கும் பின்கதை தெரியும். அந்த மெயில் அக்கவுண்ட்ஸுக்கோ கிடங்குக்கோ போகும்போது கடைசித் துண்டு மட்டும் போகலாம். அங்கே படிப்பவருக்கு 'மேற்படி' என்பது காற்றைச் சுட்டும் விரல்.

'மேற்கண்ட பொருள் தொடர்பாக' என்று தொடங்குகிறவர்கள் தலைப்பு வரியை நம்பி எழுதுகிறார்கள். ஆனால் முகவரி தேடச் சோம்பல்பட்டு, ஏதோ ஒரு பழைய மெயிலுக்கு ரிப்ளை போட்டுப் புதிய விஷயத்தை ஆரம்பிப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். தலைப்பில் போன மாத விஷயம் இருக்கும். உள்ளே இந்த மாத விஷயம். அப்போது மேற்கண்ட பொருள் எது?

நிஜமாவே குழப்பம் வந்த ஒரு மெயிலைக் காட்டுங்க, நம்புறேன்.

எங்கள் அலுவலகத்திலேயே நடந்தது. பொருட்களை அடுக்கி அனுப்ப அட்டைப்பெட்டிகள் தேவைப்பட்டன. பெட்டி செய்பவர் ஜூன் 3-ஆம் தேதி ஒரு கொட்டேஷன் அனுப்பினார்: 500 பெட்டிகள், ஜூன் 20-க்குள். ஜூன் 6 அன்று இரண்டு மாதிரிகளின் படங்களை அனுப்பினார். முதலாவது மூன்று அடுக்கு அட்டை, இரண்டாவது ஐந்து அடுக்கு. போனில் பேசியபின் ஜூன் 9 அன்று திருத்திய கொட்டேஷன் வந்தது: 800 பெட்டிகள், ஜூன் 28-க்குள். எல்லாம் ஒரே மெயில் சங்கிலியில். 11-ஆம் தேதி எங்கள் ஆள் எழுதியது இது:

"மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தங்களின் மேற்படி கொட்டேஷன் எங்களால் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறோம். அதில் குறிப்பிடப்பட்டுள்ளவாறு மேற்கூறிய பெட்டிகளை மேற்படி மாதிரியின்படி உரிய தேதிக்குள் அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் சுட்டும் இடங்களை எண்ணிப் பாருங்கள். மேற்கண்ட பொருள், மேற்படி கொட்டேஷன், அதில், மேற்கூறிய பெட்டிகள், மேற்படி மாதிரி, உரிய தேதி: மொத்தம் ஆறு. கொட்டேஷன் இரண்டு, எண்ணிக்கை இரண்டு, மாதிரி இரண்டு, தேதி இரண்டு. பெட்டி செய்பவரின் விற்பனைப் பிரிவில் இருந்தவர் இந்த மெயிலோடு கைக்குக் கிடைத்த முதல் கொட்டேஷனைச் சேர்த்துத் தொழிற்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் கொட்டேஷன் என்றால் அந்தக் கொட்டேஷன், மாதிரி என்றால் முதல் மாதிரி என்று எடுத்துக்கொண்டு 500 பெட்டிகளை மூன்று அடுக்கில் செய்துவிட்டார்கள். எங்களுக்கு வேண்டியது 800, ஐந்து அடுக்கில். யார்மீது தப்பு என்று ஒரு வாரம் மெயில் பறந்தது. இரண்டு பக்கமும் அதே 11-ஆம் தேதி மெயிலைத்தான் ஆதாரமாகக் காட்டினோம் என்பது தனிக் கூத்து.

அதையே இப்படி எழுதியிருக்கலாம்:

"ஜூன் 9 அன்று நீங்கள் அனுப்பிய திருத்திய கொட்டேஷனை ஏற்கிறோம். 800 பெட்டிகள் வேண்டும், ஐந்து அடுக்கு அட்டையில். ஜூன் 6 அன்று நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டாவது மாதிரிதான் அது. ஜூன் 28-க்குள் எங்கள் கிடங்குக்கு வந்து சேர வேண்டும். ஜூன் 3 கொட்டேஷனை விட்டுவிடுங்கள். திருத்திய கொட்டேஷனை மறுபடியும் இணைத்திருக்கிறேன்."

பழையதைவிட இது நன்றாகவே நீளம்தான். எளிய நடை எப்போதும் சுருக்கமாகவே வரும் என்று சொல்லமாட்டேன். இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஜூன் 3 கொட்டேஷனை விட்டுவிடுங்கள்' என்ற வரி. எது செல்லும் என்பதோடு எது செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறது. மேற்படி போட்டு எழுதும்போது இந்த வரி தேவை என்றே தோன்றாது.

சரி, எந்த வார்த்தைக்கு எந்த வார்த்தை போடணும்னு ஒரு பட்டியல் கொடுத்துடுங்களேன்?

பட்டியல் கொடுத்தால் ஹியர்இன்னை எடுத்துவிட்டு 'இதில்' என்று போடுவீர்கள். எதில் என்ற கேள்வி அப்படியே நிற்கும். சொல்லுக்குச் சொல் மாற்றுவதைவிட, அந்தச் சொல் எதைச் சுட்டுகிறதோ அதன் பெயரை எழுதுவதுதான் வழி. மேற்படி தொகை என்பது எந்தத் தொகை? அந்த இன்வாய்ஸ் எண்ணை எழுதுங்கள். மேற்கூறிய தேதி எந்தத் தேதி? தேதியையே எழுதுங்கள்.

சிலவற்றுக்கு மாற்றே வேண்டாம், எடுத்துவிட்டாலே போதும். 'இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறோம்' அப்படிப்பட்டது. ஆங்கிலத்தில் ஹியர்பை. நீங்கள் மெயில் எழுதுவதே தெரிவிப்பதற்குத்தான். 'ராஜினாமா செய்கிறேன்' என்றாலே ராஜினாமா ஆகிவிடும், 'இதன் மூலம்' சேர்த்தால் கூடுதலாக ஆகப்போவதில்லை. 'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட் ஹியர்வித்' என்பதில் ஹியர்வித் வெறும் ஒட்டு. இணைத்தது என்றாலே இத்துடன் இருக்கிறது என்றுதான் பொருள். 'ஜூலை மாத ஸ்டேட்மென்ட்டை இணைத்திருக்கிறேன்' என்று எழுதினால் எதை இணைத்தீர்கள் என்பதும் தெரியும், இணைக்க மறந்திருந்தால் பெறுபவர் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

நான் அதிகம் அடித்து நீக்குவது 'தி சேம்' என்பதைத்தான். 'ப்ளீஸ் கன்ஃபர்ம் தி சேம்.' தமிழில் 'அதையே உறுதி செய்யவும்'. அதற்கு முந்தைய பத்தியில் கூட்டத்தின் நாள், இடம், வருகிறவர்கள் என்று மூன்று விஷயம் இருக்கும். 'சரி, கன்ஃபர்ம்ட்' என்று பதில் வரும். எதை உறுதி செய்தார் என்று இரு தரப்புக்கும் தெரியாது. 'செவ்வாய் 11 மணி உங்களுக்குச் சரியா?' என்று கேட்டால் பதிலும் அதற்கேற்ற மாதிரி வரும்.

இப்படி வெறுமனே எழுதினா சின்னப்பிள்ளை எழுதின மாதிரி இருக்காதா? பெரிய அதிகாரிக்குப் போற மெயில்ல மரியாதை வேணுமே.

மரியாதை வேண்டும்தான், அதற்குத் தமிழில் தனிச் சொற்கள் இருக்கின்றன. 'தாங்கள்', 'அன்புடையீர்', 'வணக்கம்', 'இயலுமா', 'பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்' எல்லாம் மரியாதைக்கென்றே உள்ளவை. அவற்றை நான் தொடுவதில்லை. மேற்படி, இதன்கண் போன்றவற்றில் மரியாதை எதுவும் கிடையாது. குற்றப்பத்திரிகையிலும் ஜப்தி நோட்டீசிலும் அவை தாராளமாக வரும். அங்கே யாரும் யாருக்கும் மரியாதை காட்டிக்கொண்டிருக்கவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம், அதனால் ஒன்றை எடுத்தால் மற்றதும் போய்விடும் என்று பயப்படுகிறோம்.

'தாங்கள் ஜூன் 9 அன்று அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்தோம்' என்பதில் மரியாதை முழுதாக இருக்கிறது. சுட்டும் சொல் மட்டும் இல்லை.

'கேட்டுக்கொள்ளப்படுகிறது' பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதையும் பணிவு என்று நினைக்கிறார்கள். உண்மையில் கேட்பது யார் என்பதை அது மறைக்கிறது. 'கேட்டுக்கொள்கிறேன்' என்றால் பதில் யாருக்குப் போட வேண்டும் என்று தெரியும். பணிவும் குறையாது.

மேற்படி சுத்தமான தமிழ் வார்த்தைதானே? ஆங்கிலத்தை விடச் சொன்னா சரி, இதையுமா?

நல்ல சொல், பழைய சொல். அதற்கென்று தனிக் குறியே உண்டு: ௸. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என்று வரும் வரிசையில் இதுவும் ஒன்று. பழைய கணக்கேடுகளிலும் பத்திரங்களிலும் வருவது. முந்தைய வரியில் ஒரு பெயர் இருந்து, அடுத்த வரியிலும் அதே பெயர் வந்தால், திரும்ப எழுதாமல் ஒரு ௸ போட்டுவிட்டு மேலே போவார்கள்.

பேரேட்டில் அது கச்சிதமான ஏற்பாடு. மேல் வரி மேலேயே இருக்கும், நகராது. யாரும் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி வேறொருவருக்கு ஃபார்வர்டு செய்யமாட்டார்கள். மெயிலில் மேல் வரி என்று நிலையாக ஒன்று இல்லை. இரண்டாவது கேள்வியில் சொன்ன அதே கதைதான். ஆகவே அட்டவணைக்குள் மேற்படி போடுகிறீர்களா, தாராளமாகப் போடுங்கள். அதிலும் எக்செல் கோப்பாக இருந்தால் வேண்டாம். யாராவது வரிசை மாற்றி அடுக்கினால் ஒவ்வொரு மேற்படியும் தப்பான ஆளுக்குக் கீழே போய் நிற்கும்.

பேச்சில் இந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதையும் கவனியுங்கள். 'மேற்படி சமாச்சாரம் என்ன ஆச்சு?' என்று கண்ணடித்துக் கேட்பது, பெயர் சொல்ல விருப்பமில்லாத விஷயத்துக்கு. பேச்சு வழக்கு அதன் குணத்தைச் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது.

ஒவ்வொரு முறையும் முழுப் பெயரையும் எழுதினா படிக்கவே எரிச்சலா இருக்காதா?

முழுப் பெயர் ஒருமுறை போதும். அப்புறம் ஒரு குட்டிப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். 'ஜூன் 9 அன்று நீங்கள் அனுப்பிய திருத்திய கொட்டேஷன்' என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு 'ஜூன் 9 கொட்டேஷன்' என்றே எழுதலாம். ஒரே பெயரை நான்கு முறை எழுதுவது கதையில் அலுப்பு தரும். வேலை மெயிலில் அதுவே நிம்மதி. சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு 'கொட்டேஷன்', 'விலைப்புள்ளி', 'ஆஃபர்' என்று எழுதினால்தான் மூன்றும் வேறு வேறோ என்ற சந்தேகம் வரும்.

'இந்த', 'அந்த', 'அது' எல்லாம் தாராளமாக வரலாம். ஒரே நிபந்தனை: முந்தைய வாக்கியத்தில் அது குறிக்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

நாளைக்கு வழக்குன்னு வந்தா சட்ட வார்த்தை இருந்தாத்தானே மெயில் செல்லும்?

இந்த ஒரு நம்பிக்கைதான் எல்லாவற்றையும் கட்டிக் காப்பாற்றுகிறது. நீதிமன்றங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. 2010-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ட்ரைமெக்ஸ், வேதாந்தா அலுமினியம் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்சைட் தாது வாங்குவது பற்றி இரு நிறுவனங்களும் மெயிலில் பேசிக்கொண்டன. ஐந்து கப்பல் சரக்குக்கு டீலை உறுதி செய்கிறோம் என்று பதில் மெயில் போனது. முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்தாகவில்லை. பிறகு தகராறு. மெயில்களிலேயே ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டது, முறையான பத்திரம் பிறகு வரவிருந்தது என்பதால் அது இல்லாமல் போய்விடாது என்றது நீதிமன்றம்.

இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் கோல்டன் ஓஷன் வழக்கில் இன்னும் ஒரு படி போனது. அந்நாட்டுச் சட்டப்படி ஒருவர் இன்னொருவருக்காகக் கொடுக்கும் உத்தரவாதம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அங்கே இருந்தது மெயில் சங்கிலி ஒன்றுதான். அந்த மெயில்களையே எழுத்தாகவும், கடைசியில் தட்டச்சு செய்திருந்த பெயரையே கையெழுத்தாகவும் ஏற்கலாம் என்று தீர்ப்பு வந்தது.

ஆக, பார்க்கப்படுவது யார், எதை, எவ்வளவு, எப்போது என்று ஒப்புக்கொண்டார்கள் என்பது. அதைச் சொல்லத்தான் 11-ஆம் தேதி மெயில் தவறியது. இதில் இன்னொரு பக்கமும் உண்டு: சாதாரணச் சொற்களில் போகிறபோக்கில் எழுதிய மெயிலும் உங்களைக் கட்டிப்போடும். விசாரிக்க மட்டும்தான் எழுதுகிறீர்கள் என்றால் 'இது விசாரிப்பு மட்டுமே, ஆர்டர் இல்லை' என்று எழுதிவிடுங்கள்.

அப்படின்னா 'வித்தவுட் ப்ரெஜுடிஸ்', 'சப்ஜெக்ட் டு காண்ட்ராக்ட்' இதையெல்லாமும் தூக்கிடலாமா?

கூடாது. இங்கேதான் கவனம் வேண்டும். ஹியர்இன்னை எடுத்தால் யாருடைய உரிமையும் மாறாது. இவற்றை எடுத்தால் மாறலாம். தகராறைப் பேசித் தீர்த்துக்கொள்ளும் முயற்சியில் நீங்கள் இறங்கி வந்து சொன்னதை, பின்னால் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகவே காட்டாமல் இருக்கத்தான் 'வித்தவுட் ப்ரெஜுடிஸ்'. 'சப்ஜெக்ட் டு காண்ட்ராக்ட்' என்றால் முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை நாங்கள் கட்டுப்படவில்லை என்று பொருள். முந்தைய பதிலில் சொன்ன வழக்குகளை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். இழப்பீடு, உத்தரவாதம், பொறுப்பு வரம்பு சம்பந்தமான சொற்களும் இந்த வகைதான்.

அதேபோல இவற்றைச் சும்மா அழகுக்கு ஒட்டவும் கூடாது. சமரசமே பேசாத ஒரு மெயிலின் தலையில் 'வித்தவுட் ப்ரெஜுடிஸ்' என்று எழுதினால் அந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. ஒவ்வொரு மெயிலின் அடியிலும் இதை ஒட்டி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பிறந்தநாள் வாழ்த்து மெயிலிலும் அது போனது.

பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை எளிது. அந்தச் சொல்லை மறைத்துவிட்டு, அது சுட்டும் பொருளின் பெயரை அங்கே எழுத முடிகிறதா? முடிந்தால் அது சுட்டுச்சொல், மாற்றிவிடலாம். முடியவில்லை, அதுவே ஒரு நிபந்தனையாக நிற்கிறது என்றால் கை வைக்காமல் நிறுவனத்தின் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

ஒப்பந்தத்துல இருக்கிற ஒரு ஷரத்தை மெயில்ல சொல்லணும். அதையும் என் சொந்த வார்த்தையில எழுதலாமா?

உங்கள் வாக்கியம் எளிமையாக இருக்கட்டும், ஒப்பந்தத்தின் சொல்லை மட்டும் மாற்ற வேண்டாம். ஒப்பந்தத்தில் 'ஒப்படைப்பு நாள்' என்று வரையறுத்திருந்தால் அதையே எழுதுங்கள். 'டெலிவரி தேதி' என்று நீங்கள் எழுதினால், அது பொருள் கிளம்பும் நாளா வந்து சேரும் நாளா என்று புதிதாக ஒரு கேள்வி முளைக்கும். 'ஒப்பந்தத்தின் 7.2 பிரிவின்படி ஒப்படைப்பு நாள் ஜூன் 28' என்றால் தீர்ந்தது. பிரிவு எண்ணும் ஒரு சுட்டுதான். ஆனால் எங்கே ஃபார்வர்டு ஆனாலும் அது ஒரே இடத்தைத்தான் காட்டும். ஒப்பந்தம் திருத்தப்பட்டிருந்தால் எந்தத் தேதியிட்ட ஒப்பந்தம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிரிவு எண்கள் மாறியிருக்கலாம்.

பணம் பாக்கி வச்சிருக்கிறவருக்கு எழுதும்போது கொஞ்சம் பயமுறுத்துற மாதிரி இருந்தாத்தானே வேலை நடக்கும்?

'மேற்படி நிலுவைத் தொகையை உடனடியாகச் செலுத்தத் தவறும் பட்சத்தில் உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்' என்பதைப் படித்து யாரும் பயந்து நான் பார்த்ததில்லை. எவ்வளவு, எப்போதைக்குள், என்ன நடவடிக்கை என்று எதுவும் இல்லை. இந்த மாதிரி மெயில் வரும்போது அக்கவுண்ட்ஸில் இருப்பவர் செய்வது, 'எந்த இன்வாய்ஸ்?' என்று திருப்பிக் கேட்பது. இன்னொரு பத்து நாள் போய்விடும். தாமதிக்க நினைப்பவருக்கு அந்தக் காரணத்தை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி.

'இன்வாய்ஸ் 214-க்கான பணம் மே 31-க்குள் வந்திருக்க வேண்டும், இன்னும் வரவில்லை. ஜூன் 15-க்குள் வராவிட்டால் அடுத்த சரக்கை நிறுத்தி வைப்போம்' என்று எழுதிப் பாருங்கள். குரலை உயர்த்தவே இல்லை, ஆனால் தப்பிக்கச் சந்து இல்லை. செய்யப் போவதை மட்டும் எழுதுங்கள். சரக்கை நிறுத்தமாட்டீர்கள் என்றால் அந்த வரியை எழுத வேண்டாம். விஷயம் வக்கீல் நோட்டீஸ் வரை போய்விட்டால், அதை அவர் தன் நடையில் எழுதட்டும்.

நான் எளிமையா எழுதிக் கொடுத்தாலும் எங்க மேனேஜர் மேற்படியைத் திரும்பச் சேர்த்துடறார். நான் என்ன பண்றது?

சண்டை போடாதீர்கள். அவர் 'மேற்படி' போட்டால் போடட்டும், பக்கத்தில் பெயரையும் தேதியையும் விட்டு வையுங்கள். 'மேற்படி ஜூன் 9 கொட்டேஷன்' என்பது கொஞ்சம் விகாரமாகத்தான் இருக்கும். ஆனால் பெட்டி தப்பாக வராது. பெரும்பாலான மேலதிகாரிகள் சொல்லைச் சேர்ப்பார்கள், தேதியை அடிப்பதில்லை.

கம்பெனி டெம்ப்ளேட்டே அப்படித்தான் இருக்கு. நாற்பது ஐம்பது இருக்கும். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். வெளியே அதிகம் போகும் நான்கைந்தை எடுங்கள். பெரும்பாலும் ஆர்டர் உறுதி, பணம் நினைவூட்டல், கோப்பு இணைத்து அனுப்பும் மெயில், கூட்ட அழைப்பு. ஒவ்வொன்றையும் திறந்து `Ctrl+F` அழுத்தி 'மேற்' என்று மட்டும் தேடுங்கள். மேற்படி, மேற்கண்ட, மேற்கூறிய, மேற்குறிப்பிட்ட எல்லாம் சிக்கிவிடும். 'மேற்கொள்' போன்ற சம்பந்தமில்லாதவையும் சேர்ந்து வரும், அவற்றைத் தாண்டிப் போய்விடலாம். அப்புறம் 'இதன்', 'உரிய' என்று தேடுங்கள். ஆங்கில டெம்ப்ளேட்டில் `herein`, `herewith`, `aforementioned`, `the same` என்று நான்கும் போதும். கிடைத்த ஒவ்வொரு இடத்திலும் பெயர், எண், தேதி நிரப்ப ஒரு காலி இடம் விடுங்கள். நிரப்ப மறந்தால் வெறும் கோடு தெரியும், அனுப்புவதற்கு முன் கண்ணில் படும்.

முடித்ததும், இந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத பிரிவில் இருக்கும் ஒருவருக்கு, பழைய சங்கிலி இல்லாமல் அந்த ஒரு மெயிலை மட்டும் அனுப்பிப் பாருங்கள். 'எது?' என்று அவர் எங்கெல்லாம் கேட்கிறாரோ அங்கெல்லாம் இன்னும் திருத்த வேண்டும்.